சாதா அட்டைகளே போதும்

'மேஜிக்: தி கேதரிங்' அட்டை விளையாட்டில் கைச்செலவுப் பணத்தைக் கரைப்பது மூடிய பாக்கெட்டுகள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், ஓர் அரிய அட்டைக்காகப் பாக்கெட் மேல் பாக்கெட்டாக வாங்குகிறோம். மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி 'பாப்பர்'. இந்த ஆட்டமுறையில் ஒருமுறையாவது 'காமன்' தரத்தில் அச்சான அட்டைகளுக்கு மட்டுமே இடம். அரிய அட்டை வைத்திருப்பவர் அதை இங்கே இறக்கவே முடியாது.

குறைந்தது 60 அட்டைகள் வேண்டும். அடிப்படை நிலங்கள் தவிர, ஒரே அட்டை நான்குக்கு மேல் கூடாது. சிவப்பு நிறத்தில் தொடங்குங்கள். எதிராளிக்கு 20 உயிர்ப்புள்ளிகள். 'லைட்னிங் போல்ட்' ஒரே ஒரு மலையின் சக்தியில் 3 புள்ளிகளைப் பறிக்கும். 1993-இல் முதல் தொகுப்பிலேயே வந்த சாதா அட்டை அது! அதில் நான்கும் இறங்கினால் 12 போய்விடும். மீதி 8-ஐச் சிறு உயிரினங்கள் பார்த்துக்கொள்ளும். பதினேழு மலைகள் போட்டால், மற்ற 43-க்குப் பதினொரு வகை அட்டைகள் போதும். அவற்றைத் தனித்தனியாக, பெயர் சொல்லி வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. மறுபதிப்பு காணாத சில பழைய காமன்கள் விலை ஏறியவை, சில தடைப்பட்டவை. அட்டையின் சின்னம் கறுப்பென்றால் காமன், வெள்ளியென்றால் அடுத்த தரம். ஆனால் வெள்ளிச் சின்னம் உள்ளதும் வேறொரு பதிப்பில் காமனாக வந்திருக்கலாம். வாங்குமுன் Scryfall தளத்தில் f:pauper என்று தட்டி, அட்டையின் பெயரையும் சேர்த்துத் தேடிவிடுங்கள்.