இரண்டு மணி நேர இடைவெளி போதுமா?

வாரணாசியிலிருந்து வரும் விமானம் தில்லியின் முதலாம் முனையத்தில் காலை 10.30 மணிக்கு இறங்குகிறது. அமிர்தசரஸ் விமானம் மூன்றாம் முனையத்திலிருந்து 12.30 மணிக்குப் புறப்படுகிறது. இரண்டும் தனித்தனிப் பயணச்சீட்டுகள். பயணத் திட்டத்தில் இரண்டு மணி நேர இடைவெளி தெரிகிறது.

ஆனால், கணக்கில் கொள்ள வேண்டியது புறப்படும் நேரத்தை அன்று. பெட்டிகளை ஒப்படைக்கும் கவுண்டர் மூடப்படும் நேரத்தையே. உள்நாட்டு விமானங்களுக்கு அது பொதுவாக 60 நிமிடங்களுக்கு முன்பு, அதாவது 11.30 மணி. முதல் விமானத்தின் பெட்டிகள் கைக்கு வரவே 11 மணி ஆகலாம். முனையங்கள் வெவ்வேறு இடங்களில் இருப்பதால், சாலை வழியே செல்ல அரை மணி நேரமேனும் ஒதுக்க வேண்டும். பத்து நிமிடத் தாமதம் போதும், இணைப்பு தவறிவிடும்.

ஒரே பி.என்.ஆர். எண்ணில் பதிவு செய்திருந்தால், மாற்று விமானத்திற்கு நிறுவனமே ஏற்பாடு செய்யும். தனிச்சீட்டாயின், இரண்டாவது பயணத்தின் கட்டணம் பெரும்பாலும் நமக்கு இழப்பே.

மாலை விமானமே இதற்குத் தீர்வு. முதியோர் உடன் வந்தால் தில்லியில் ஓரிரவு தங்கலாம். எனினும் மறுநாள் காலை 6 மணி விமானத்தைத் தேர்ந்தெடுத்தால், 3 மணிக்கே எழ நேரிடும். அறை வாடகை செலுத்தியும் ஓய்வு கிட்டாது. 10 மணிக்குப் பிந்தைய விமானமே உகந்தது.