சாரோட கடிதம், ரெண்டு நிமிஷ வீடியோ

பிளஸ் டூ முடித்தபோது என் கட்-ஆஃப் நான் நினைத்ததைவிட ரொம்பக் குறைவு. அப்போது எங்கள் இயற்பியல் சார் மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். இந்த வருஷம் பள்ளியில் பிளஸ் டூ பசங்களுக்குப் பிரிவு உபசார விழா. சாரால் நேரில் வர முடியாது. "அந்தக் கடிதத்தையே வீடியோவுக்கு மாத்திக் கொடுடா" என்றார். இதே வேலை உங்களுக்கும் வரலாம். அதனால் எப்படி மாற்றினேன் என்று சொல்கிறேன்.

முதலில் மொபைலில் ஸ்டாப்வாட்ச் வைத்துக் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். ஆறரை நிமிஷம். பள்ளி கொடுத்ததோ இரண்டு நிமிஷம். எல்லா அறிவுரையையும் சுருக்கினால் எதுவுமே மனதில் நிற்காது. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம். வீடியோவை அரங்கில் ஒரே தடவைதான் கேட்பார்கள். அதனால் ஒரு விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

எதை விடுவது? எனக்கு ரொம்பப் பிடித்த வரி, "மார்க் போனால் போகட்டும்" என்பது. ரிசல்ட் வந்தபிறகு, அழுதுகொண்டிருந்த ஒருவனுக்குச் சொன்னது அது. விழா நடப்பதோ பரீட்சைக்கு முன்னால். அதே வரி அங்கே "படிக்க வேண்டாம்" என்று கேட்கும். எடுத்துவிட்டேன். என் மார்க், வீட்டு விஷயம் எல்லாமும் போயின. ஒரு கடிதத்தில் எந்த வரி எந்த நேரத்துக்கு எழுதப்பட்டது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மிஞ்சியது இந்த வாக்கியம்: "கல்லூரியில் சேர்ந்ததும், பிறர் என்ன நினைப்பார்களோ என்று தயங்காமல், தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியரிடம் சொல்லிப் பழகு." கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. காதுக்கு நீளம், முக்கியமான வினை கடைசியில்தான் வருகிறது. தவிர, எல்லாரும் கல்லூரிக்கே போவதில்லை. இப்படி மாற்றினேன்:

"காலேஜோ, ஐ.டி.ஐ.யோ, வேலையோ, எங்க போனாலும் முதல் வாரம் ஒண்ணு நடக்கும். சொல்றது புரியாது. பக்கத்துல இருக்கிறவன் தலையாட்டுவான். நீங்க ஆட்டாதீங்க. கையைத் தூக்கி, 'புரியலை சார்'னு சொல்லுங்க."

'நீ' என்பது 'நீங்க' ஆனது. அறிவுரை ஒரு காட்சி ஆனது. ஆரம்பத்தில் கைதட்டல் ஓயும்வரை எதுவும் கேட்காது என்பதால், முதல் பத்து விநாடிக்கு வெறும் வணக்கம்தான்.

சார் தாளைப் பார்த்து வாசித்தபோது கண் இடம் வலமாக ஓடுவது திரையில் தெரிந்தது. தாளை வாங்கிக்கொண்டு, லென்ஸுக்குக் கீழே 'முதல் வாரம், தலையாட்டல், கை' என்று மட்டும் ஒட்டினேன். இரண்டாவது டேக்கில் சார் சாராகவே பேசினார்.

கடைசியாக, பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பையனுக்கு ஒரே தடவை போட்டுக் காட்டி, "என்னடா சொன்னார்?" என்று கேட்டேன். "புரியலைன்னா கையைத் தூக்கணுமாம்ணா" என்றான். அதன்பிறகுதான் பள்ளிக்கு அனுப்பினேன்.