ஒன்றரை மாத்திரையின் கணக்கு

பிறந்து பத்து நாளே ஆன, 3.2 கிலோ எடையுள்ள ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் டி.எஸ்.எச். மிக அதிகம் என்று தெரிந்து, மறு பரிசோதனையிலும் பிறவித் தைராய்டு குறைபாடு உறுதியாகிவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுப்பது லெவோதைராக்சின் 25 மைக்ரோகிராம் மாத்திரை, தினமும் ஒன்றரை.

இந்த ஒன்றரை எங்கிருந்து வந்தது? பச்சிளம் குழந்தைக்குத் தொடக்க அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். 3.2 கிலோவுக்கு 32 முதல் 48 வரை வரும். ஒன்றரை மாத்திரை 37.5; கிலோவுக்கு ஏறக்குறைய 11.7. தைராய்டு முற்றிலும் வேலை செய்யாத பெரியவருக்கே கிலோவுக்கு 1.6 அளவில்தான் தேவைப்படும். "இத்தனை சின்ன உயிருக்கு இவ்வளவா?" என்று பயந்து அரை மாத்திரையாகக் குறைத்துவிடும் பாட்டிமார் உண்டு. அது ஆபத்து. கைக்குழந்தையின் உடல் இந்த ஹார்மோனை வேகமாகச் செலவழிக்கிறது. மூளை வளர்வதும் இந்த மாதங்களில்தான். அப்போது குறைந்ததைப் பிறகு ஈடுகட்ட முடியாது. அதனால்தான் பிறந்த இரண்டு வாரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும் என்கிறார்கள்.

அடுத்த கேள்வி, எழுதிய அளவு வயிற்றுக்குள் போகிறதா என்பது. மாத்திரையைச் சுத்தமான இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ காய்ச்சி ஆறவைத்த நீரிலோ குழைத்து, உடனே கொடுக்க வேண்டும். மாத்திரைத் தூள் முழுதாகக் கரையாது, அடியில் தங்கும். பாலாடை நிறைய பாலில் கலந்தால், குழந்தை பாதி குடித்துத் தூங்கும்போது மருந்தும் பாதி மிஞ்சிவிடும். முன்கூட்டியே பொடித்து வைப்பதும் கூடாது.

வெறும் வயிறு என்பது இரண்டு மணிக்கொரு முறை பால் குடிக்கும் குழந்தைக்கு நடக்கிற காரியமில்லை. பாலுக்கு அரை மணி முன்னால் கொடுக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் பரவாயில்லை. எந்த நேரத்தில், எந்த விதத்தில் கொடுத்தாலும் தினமும் அப்படியே கொடுப்பதுதான் முக்கியம். அந்த ஒழுங்குக்கு ஏற்ப அளவைச் சரிசெய்துகொள்ள முடியும். ஆனால் இரும்புச்சத்து சொட்டு மருந்தும் கால்சியம் சிரப்பும் வேறு கதை. அவை குடலிலேயே லெவோதைராக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சோயா பால்மாவும் உறிஞ்சுதலைக் குறைக்கும்.

நம் குழந்தைக்குத் திரும்புவோம். இரண்டு வாரத்தில் ஃப்ரீ டி4 நன்றாக ஏறியது. டி.எஸ்.எச். அவ்வளவு வேகமாக இறங்காது. அதனால் தொடக்கத்தில் மருத்துவர் ஃப்ரீ டி4-ஐத்தான் பெரிதும் பார்க்கிறார். அது இயல்பு வரம்பின் மேற்பாதியில் இருக்க வேண்டும். நான்காம் வாரம் டி.எஸ்.எச். 3-க்கு வந்தது. ஆறாம் வாரம் 12. ஃப்ரீ டி4 இன்னும் வரம்புக்குள்தான். எடை 4.2 கிலோ.

இங்கே அவசரப்பட்டு மாத்திரையைக் கூட்டுவது எளிது. நல்ல மருத்துவர் முதலில், "எப்படிக் கொடுக்கிறீங்கம்மா, செஞ்சு காட்டுங்க" என்று கேட்பார். கேட்டதில், புதிதாகத் தொடங்கிய இரும்புச்சத்து சொட்டும் மாத்திரையும் காலையில் ஒரே பாலாடையில் போனது தெரிந்தது. சொட்டு மருந்து மாலைக்கு மாறியது. மாத்திரை அளவு மாறவில்லை. இரண்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். 5. அன்றே அளவைக் கூட்டியிருந்தால், பிறகு கொடுக்கும் முறை சரியானதும் மருந்து மிஞ்சியிருக்கும். அப்படி மிஞ்சினால் குழந்தை சிடுசிடுக்கும், தூங்காது, இதயம் வேகமாகத் துடிக்கும், எடை சரியாக ஏறாது. நீண்ட நாள் நீடித்தால் மண்டையோட்டு இணைப்புகள் சீக்கிரமே மூடிக்கொள்ளவும் கூடும்.

மூன்றாம் மாதம் எடை 5.6 கிலோ. கொடுக்கும் முறையில் பிழையில்லை. ஆனாலும் டி.எஸ்.எச். 9, ஃப்ரீ டி4 கீழ்ப்பாதிக்கு இறங்கிவிட்டது. 37.5-ஐ 5.6-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 6.7தான். குழந்தை தன் மாத்திரையைத் தாண்டி வளர்ந்துவிட்டாள். இந்த வயதில் கிலோவுக்கு 8 முதல் 10 வரை தேவைப்படும் என்பதால், இரண்டு மாத்திரை, அதாவது 50 மைக்ரோகிராம் ஆனது. வயது ஏற ஏறக் கிலோ கணக்கு இன்னும் இறங்கும். ஆனால் எடை கூடுவதால் மொத்த மாத்திரை ஏறும்.

அளவை மாற்றினால் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். முதல் வயதில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தேவைப்படும். பரிசோதனை நாளன்று மட்டும் ரத்தம் எடுத்த பிறகே மாத்திரை கொடுங்கள். கொடுத்துவிட்டால், நான்கு மணி நேரமாவது கழித்துப் போங்கள். மாத்திரை போன சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 தற்காலிகமாக ஏறி நிற்கும். அதைப் பார்த்து, மருந்து அதிகம் என்று அளவைக் குறைத்துவிட நேரலாம்.