மிலியார் என்றால் நூறு கோடி

பாரிஸ் நகரத்துப் பல்பொருள் அங்காடி ஒன்றில் தக்காளியை நாமே தராசில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு சிறு சீட்டு வெளியே வரும். அதில் 1,250 கிலோ என்று அச்சாகியிருக்கும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ புதிதாகப் போனவர் கண்ணுக்கு அது ஆயிரத்து இருநூற்றைம்பது. பிரெஞ்சுக்காரருக்கு அது ஒன்றேகால் கிலோ.

நாம் ஆயிரத்தைப் பிரிக்கக் கமா போடுகிறோம், தசமத்துக்குப் புள்ளி வைக்கிறோம். அவர்கள் தசமத்துக்குக் கமா போடுகிறார்கள். ஆயிரத்தைப் பிரிக்க எந்தக் குறியும் கிடையாது, சிறிதாக ஓர் இடைவெளி மட்டும் விடுவார்கள். ஆகவே 1 250 என்று நடுவில் வெற்றிடம் தெரிந்தால்தான் அது ஆயிரத்து இருநூற்றைம்பது. கண்ணைப் பழக்க எளிய வழி ஒன்று உண்டு. பிரெஞ்சு எண் எதைப் பார்த்தாலும் முதலில் கமாவைத் தேடுங்கள். அதற்கு இடப்பக்கம் இருப்பது முழு எண், வலப்பக்கம் இருப்பது சில்லறை. கமாவே இல்லை என்றால் எல்லாமே முழு எண்தான்.

எழுத்தில் இது ஒரு நாளில் பழகிவிடும். காதுக்குத்தான் நாளாகும். கமாவுக்குப் பிரெஞ்சில் விர்க்யுல் என்று பெயர். 3,5 என்ற எண்ணை 'த்ருவா விர்க்யுல் சேங்க்' என்று வாசிப்பார்கள். ஆனால் விலை சொல்லும்போது விர்க்யுல் மறைந்து, அந்த இடத்தில் எரோ, அதாவது யூரோ, வந்து உட்கார்ந்துகொள்ளும். 'த்ருவாஸ் எரோ சேங்காந்த்' என்றால் மூன்று யூரோ ஐம்பது சென்ட். இங்கேதான் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. காசாளர் 'த்ருவாஸ் எரோ சேங்க்' என்று சொன்னால் அது 3,50 அல்ல, 3,05. விர்க்யுலுக்குப் பின் வரும் சேங்க் பத்தில் ஐந்து, எரோவுக்குப் பின் வரும் சேங்க் வெறும் ஐந்து சென்ட். சொல் ஒன்றே, நிற்கும் இடத்தால் மதிப்பு பத்து மடங்கு மாறுகிறது.

இதோடு எழுபதிலிருந்து தொண்ணூற்றொன்பது வரைக்குமான பழைய கணக்கும் சேர்ந்துகொள்கிறது. எழுபது என்பதை 'அறுபது-பத்து' என்றும், எண்பதை 'நான்கு இருபது' என்றும், தொண்ணூறை 'நான்கு இருபது-பத்து' என்றும் பிரான்ஸில் சொல்கிறார்கள். இருபது இருபதாக எண்ணிய காலத்தின் மிச்சம் இது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி மன்னர் பார்வையற்ற 300 பேருக்காகப் பாரிஸில் கட்டிய விடுதி இன்று கண் மருத்துவமனையாக இருக்கிறது. அதன் பெயர் இன்றைக்கும் 'பதினைந்து இருபதுகள்'தான். நம்முடைய தொண்ணூறுக்குள் நூறு ஒளிந்திருப்பதை நினைத்துக்கொண்டால் இது அவ்வளவு விநோதமாகப் படாது. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கு செப்தான்த், தொண்ணூறுக்கு நொனான்த் என்று நேரான சொற்கள் உண்டு. பிரான்ஸில் அவை புழங்குவதில்லை.

விலைகள் பெரும்பாலும் 95இலும் 99இலும் முடிவதால் இந்தச் சிக்கலைக் கடைக்குப் போகும்போதெல்லாம் சந்திக்க வேண்டியிருக்கிறது. 4,95 யூரோவை 'காத்ர் எரோ காத்ர்-வேங் கேன்ஸ்' என்பார்கள்: நான்கு யூரோ, நான்கு இருபது-பதினைந்து. 'காத்ர்-வேங்' என்று கேட்டவுடனே 80 என்று மனத்தில் எழுதிவிடக் கூடாது. அடுத்த சொல் வரும்வரை பொறுக்க வேண்டும். அது ஒன்பது வரைக்குமான எண்ணாக இருந்தால் எண்பதுகள், பத்தோ அதற்கு மேலோ இருந்தால் தொண்ணூறுகள்.

இனி அலமாரிப் பக்கம் போவோம். காப்பித் தூள் பாக்கெட்டுக்கு மேலே பெரிய எழுத்தில் −68 % என்றும், அதன் அருகே 2 என்ற எண்ணும், எண்ணின் தோளில் சிறிய e எழுத்தும் இருக்கும். அந்த e தான் 'ஆவது'. பிரெஞ்சில் வரிசை எண்களைச் சுருக்கி எழுத இந்த ஓர் எழுத்து போதும், 2e என்றால் தெஸியெம், இரண்டாவது. 'முதல்' என்பதற்கு மட்டும் ப்ரமியே என்ற தனிச்சொல் இருப்பதால் 1er என்று எழுதுகிறார்கள். தேதியிலும் மாதத்தின் முதல் நாளுக்கு மட்டுமே வரிசை எண், 'மே முதலாவது' என்பார்கள். மறுநாள் 'மே இரண்டு' ஆகிவிடும்.

ஆகவே அந்த அட்டை சொல்வது, இரண்டாவது பாக்கெட்டுக்கு மட்டும் 68 சதவீதத் தள்ளுபடி என்பது. விலை 5,90 யூரோ என்று வைத்துக்கொள்வோம். முதல் பாக்கெட்டுக்கு முழு 5,90. இரண்டாவதற்கு அதில் 32 சதவீதம், அதாவது 1,89. இரண்டும் சேர்ந்து 7,79. மொத்தம் 11,80 ஆக இருந்திருக்க வேண்டியது. கணக்குப் போட்டால் உண்மையான தள்ளுபடி 34 சதவீதம்தான். இந்த 34 தற்செயலாக வந்ததல்ல. விவசாயிகளின் வருமானத்தைக் காப்பதற்காக 2018இல் வந்த எகாலிம் சட்டத்தைத் தொடர்ந்து, 2019 முதல் உணவுப் பொருள்களின் தள்ளுபடிக்கு 34 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இரண்டு பாக்கெட்டுக்கான தள்ளுபடி முழுவதையும் இரண்டாவதன் மேல் ஏற்றினால் 68 என்று பெரிதாக அச்சிட முடிகிறது. ஒரு பாக்கெட் மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவருக்கு ஒரு சென்ட்கூடக் குறையாது. என்னைக் கேட்டால், பிரெஞ்சு கற்கும் ஒருவர் முதலில் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய எழுத்து அந்தச் சிறிய e தான்.

அதே 2e துணிக்கடையில் வேறு பொருளில் வரும். சோல்த் என்ற தள்ளுபடிப் பருவத்தில் '2e தெமார்க்' என்று தொங்கும் அட்டை, விலையை இரண்டாம் முறையாகக் குறைத்திருக்கிறார்கள் என்று சொல்கிறது. அங்கே எண்ணப்படுவது பொருள் அல்ல, குறைப்பு.

பின்னங்களுக்கும் இந்த வரிசைச் சொற்கள்தான் ஆதாரம். அரைக்குத் தெமி, மூன்றில் ஒன்றுக்குத் தியேர், காலுக்குக் கார் என்று மூன்று தனிச்சொற்கள் உண்டு. தமிழில் அரைக்கும் காலுக்கும் சொல் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அன்றாடப் பேச்சில் ஒற்றைச் சொல் இல்லை. ஐந்தில் ஒன்றிலிருந்து பிரெஞ்சு வரிசை எண்ணையே எடுத்துக்கொள்கிறது. சேங்கியெம் என்றால் ஐந்தாவதும்தான், ஐந்தில் ஒரு பங்கும்தான். 'சேங்கியெம் நகரம்' என்றால் ஐந்தாவது நகரம், 'மக்கள்தொகையின் சேங்கியெம்' என்றால் ஐந்தில் ஒரு பங்கு. பின்னால் 'இன்' என்ற பொருள் தரும் 'த' வருகிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

செய்தித்தாளில் இன்னொரு வழக்கும் அடிக்கடி வரும்: 'மூன்று மடங்கு குறைவு'. நமக்கு இது கணக்கில் இடிக்கும். பிரெஞ்சுக்காரர் இதைச் சாதாரணமாகச் சொல்கிறார், பொருள் மூன்றில் ஒரு பங்கு. 'இரண்டு மடங்கு குறைந்த விலை' என்றால் பாதி விலை.

கடையை விட்டுப் புள்ளிவிவரத்துக்கு வருவோம். பிரான்ஸின் புள்ளியியல் நிறுவனமான இன்சே 2024 மார்ச்சில் நாட்டின் பொதுக்கடனை வெளியிட்டது. 2023 இறுதியில் கடன் 3 101,2 மிலியார் யூரோ, நாட்டின் மொத்த உற்பத்தியில் 110,6 சதவீதம். முந்தைய ஆண்டு இறுதியில் அது 111,9 சதவீதமாக இருந்தது.

முதலில் கமா. அதற்கு இடப்பக்கம் இருப்பது 3 101, மூவாயிரத்து நூற்றொன்று. அதைத் தொடர்ந்து மிலியார். ஒரு மிலியோன் நமக்குப் பத்து லட்சம், அதில் ஆயிரம் சேர்ந்தது ஒரு மிலியார், நமக்கு நூறு கோடி. ஆகவே 3 101,2 மிலியாரை நூறால் பெருக்கினால் கோடிக் கணக்கு கிடைத்துவிடும்: 3,10,120 கோடி யூரோ, ஏறக்குறைய மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கோடி. மிலியாரை நூறால் பெருக்கினால் கோடி, மிலியோனைப் பத்தால் பெருக்கினால் லட்சம். இந்த இரண்டு வரி மனத்தில் இருந்தால் பிரெஞ்சுப் பத்திரிகையின் பொருளாதாரப் பக்கம் முழுவதையும் நம் கணக்கில் வாசித்துவிடலாம்.

அடுத்தது சதவீதம். 111,9 என்பது 110,6 ஆனதை 1,3 சதவீதம் குறைந்தது என்று சொன்னால் தவறு. பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடத்தில் 'புள்ளி' என்ற பொருளில் புவேங் என்ற சொல்லைப் போடுவார்கள், 1,3 புவேங் குறைவு. இரண்டு சதவீதங்களுக்கு இடையிலான வித்தியாசத்துக்குத்தான் புவேங். 111,9இல் 1,3 என்ன பங்கு என்று கேட்டால் விடை 1,2 சதவீதத்தை ஒட்டி வரும். இங்கே வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டு கடன் தொகை குறையவில்லை, கூடியது. உற்பத்தியின் மதிப்பு அதைவிட வேகமாகக் கூடியதால் விகிதம் இறங்கியது. சதவீதத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறவர் கடன் அடைபட்டது என்றே நினைத்துக்கொள்வார்.

இதே தொகையை ஆங்கிலப் பத்திரிகை 3.1 ட்ரில்லியன் என்று எழுதும். பிரெஞ்சில் அதற்கு நேரான சொல் பிலியோன், அதாவது லட்சம் கோடி. ஆங்கில பில்லியனும் பிரெஞ்சு பிலியோனும் ஒரே எழுத்துக்கள்தான், ஆனால் மதிப்பில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அமெரிக்காவுக்கு அந்தச் சிறிய பில்லியனைக் கொடுத்ததே பிரான்ஸ்தான் என்பது இதில் வேடிக்கை. 1484இல் நிக்கோலா ஷுக்கே எழுதிய கணித நூலில் பிலியோன் என்பது மிலியோனின் மிலியோன். பிற்பாடு பிரான்ஸிலேயே அது ஆயிரம் மிலியோனாகச் சுருங்கியது, அமெரிக்கர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1961இல் ஓர் அரசாணை மூலம் பிரான்ஸ் பழைய பெரிய மதிப்புக்குத் திரும்பிவிட்டது. 1974இல் பிரிட்டன் அரசு எதிர்த்திசையில் போய் அமெரிக்கக் கணக்கை ஏற்றது. அவசரத்தில் மொழிபெயர்க்கிறவர்கள் ஆங்கில பில்லியனை அப்படியே பிலியோன் ஆக்கிவிடுவதும், நூறு கோடி லட்சம் கோடியாகிவிடுவதும் இதனால்தான். பிரெஞ்சுப் பத்திரிகைகள் அந்தச் சொல்லை முடிந்தவரை தவிர்த்து 'மூவாயிரம் மிலியார்' என்று எழுதுகின்றன. ஆகவே பிரெஞ்சுச் செய்தி ஒன்றில் பிலியோன் என்று கண்டால், அது ஆங்கிலத்திலிருந்து வந்த செய்தியா என்று ஒரு முறை சந்தேகப்படுவது நல்லது.

அட்டவணைகளில் சொல்லே இருக்காது, சுருக்கம்தான் இருக்கும். தலைப்பில் M€ என்று இருந்தால் மிலியோன் யூரோ, Md€ என்று இருந்தால் மிலியார் யூரோ. எண்களைத் தொடுவதற்கு முன் அந்தத் தலைப்பில் d இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.