கிரேக்கத்தில் முன்வைக்கப்படும் சொல்லும் தமிழில் அதன் அழுத்தமும்

ஆய்வுச் சுருக்கம்

பழங்கிரேக்கத்தில் தொடரின் முதலில் வைக்கப்பெறும் சொல் பேசுபொருளாகவும் இருக்கலாம், அழுத்தம் பெற்ற புதுச்செய்தியாகவும் இருக்கலாம். தமிழில் தொடர்முதல் பெரும்பாலும் பேசுபொருளுக்கே உரியது. அழுத்தம் வினைக்கு முன்னுள்ள இடத்தில் விழுகிறது. ஆகவே கிரேக்கச் சொற்கிடக்கையை அப்படியே பின்பற்றும் மொழிபெயர்ப்பு சில இடங்களில் மூலத்தின் அழுத்தத்தை இழந்துவிடுகிறது. இக்கட்டுரை இதனை ஓர் எடுத்துக்காட்டுத் தொடரின் வழி விளக்கி, தமிழில் பயன்படுத்தத்தக்க உத்திகளையும் அவற்றின் எல்லைகளையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சொற்கிடக்கை, பேசுபொருள், அழுத்தம், ஏகாரம், பழங்கிரேக்கம்

முன்னுரை

கிரேக்கமும் தமிழும் வேற்றுமை உருபுகளால் சொற்களின் உறவை உணர்த்தும் மொழிகள். எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறினாலும் யார் யாரைச் செய்தார் என்பது மாறுவதில்லை. இவ்வொற்றுமையால், கிரேக்கத்தில் முதலில் நிற்கும் சொல்லைத் தமிழிலும் முதலில் நிறுத்தினால் போதும் என்ற எண்ணம் எளிதில் தோன்றுகிறது. இக்கருத்து ஒரு பாதி அளவிற்கே பொருந்தும். அது பொருந்தும் இடத்தையும் பொருந்தா இடத்தையும் பிரித்தறிவதே இங்கு நோக்கம்.

தொடர்முதலின் இருவகைப் பணி

கே. ஜே. டோவர் 1960இல் வெளியிட்ட கிரேக்கச் சொற்கிடக்கை பற்றிய நூல், தொடரிலக்கணத்தால் மட்டும் சொல்வரிசையை விளக்கிவிட இயலாது என்பதை வலியுறுத்தியது. ஹெல்மா டிக் 1995இல் ஹெரோடோட்டஸின் உரைநடையை ஆராய்ந்து, தொடரின் அடிப்படை வரிசையைப் பேசுபொருள், அழுத்தக்கூறு, வினை, எஞ்சியவை என நான்காக வகுத்தார். பேசுபொருள் என்பது கேட்போர் முன்பே அறிந்ததாகக் கொள்ளப்பட்டு, அதைப் பற்றி ஏதேனும் கூறப்படுவது. அழுத்தக்கூறு என்பது அத்தொடர் தரும் முதன்மையான புதுச்செய்தி. பேசுபொருள் வெளிப்படையாக இல்லாத தொடரில் அழுத்தக்கூறே முதலிடத்தில் வந்து நிற்கும். ஆதலின் முதற்சொல்லைக் கண்டவுடன் அது அழுத்தம் பெற்றது என முடிவு செய்தல் கூடாது.

எடுத்துக்காட்டு

இக்கட்டுரைக்கென அமைத்த எளிய தொடர் ஒன்றைக் காண்போம். 'ஹொ திதாஸ்கலொஸ்' என்பது ஆசிரியர், 'தொன் பைதா' என்பது சிறுவனை, 'எபைனெய்' என்பது பாராட்டுகிறார். செயப்படுபொருள் முதலில் வரும் இரண்டு வரிசைகளை ஒப்பிடுவோம்.

(1) தொன் பைதா ஹொ திதாஸ்கலொஸ் எபைனெய்.
(2) தொன் பைதா எபைனெய் ஹொ திதாஸ்கலொஸ்.

சிறுவனைப் பற்றிய பேச்சு நடந்துகொண்டிருக்கையில், அவனைப் பாராட்டுபவர் யார் என்ற வினாவிற்கு விடையாக (1) பொருந்தும். அங்கே 'தொன் பைதா' பேசுபொருள். வினைக்கு முன் நிற்கும் 'ஹொ திதாஸ்கலொஸ்' அழுத்தக்கூறு. ஆசிரியர் யாரைப் பாராட்டுகிறார் என்ற வினாவிற்கு (2) விடையாகும். அங்கே 'தொன் பைதா' அழுத்தக்கூறு. வினை அதனையடுத்து வருகிறது. முன்பே அறியப்பட்ட ஆசிரியர் எஞ்சியதாய் இறுதியில் நிற்கிறார். இரண்டிலும் முதற்சொல் ஒன்றே. அதன் பணி வேறு.

இனித் தமிழுக்கு வருவோம். (1)ஐச் 'சிறுவனை ஆசிரியர் பாராட்டுகிறார்' என எழுதினால் மூலத்தின் அழுத்தம் முழுமையாகக் கிடைக்கிறது. சிறுவன் பேசுபொருளாகிறான், வினையை ஒட்டி நிற்கும் ஆசிரியர் மேல் அழுத்தம் விழுகிறது. ஆனால் (2)இன் முதற்சொல்லை முதலிலேயே வைத்து, தமிழ் மரபுப்படி வினையை இறுதிக்குக் கொண்டு சென்றால், மீண்டும் 'சிறுவனை ஆசிரியர் பாராட்டுகிறார்' என்றே வருகிறது. மூலத்தில் வேறுபட்ட இரு தொடர்கள் தமிழில் ஒன்றாகிவிடுகின்றன. அழுத்தமும் சிறுவனிடமிருந்து ஆசிரியருக்கு மாறிவிடுகிறது. சொல்வரிசையைப் பேணியதாலேயே பொருள் பிறழும் இடம் இது.

தமிழ் உத்திகளும் எல்லைகளும்

(2)க்கு மிக இயல்பான தமிழ் வடிவம் 'ஆசிரியர் சிறுவனைப் பாராட்டுகிறார்' என்பதே. கிரேக்கத்தில் முன்னே சென்ற சொல் தமிழில் வினையை நோக்கிப் பின்னே வருகிறது. ஆயினும் இது தமிழின் இயல்பான வரிசையும் ஆதலால், எழுத்தில் இதன் அழுத்தம் மெலிதாகவே தெரியும். சூழல் உதவாதபோது வேறு உத்தி தேவைப்படும்.

முதலாவது ஏகாரம். தொல்காப்பியம் இடையியலில் ஏகாரத்திற்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஐந்து பொருள் கூறுகிறது. 'ஆசிரியர் சிறுவனையே பாராட்டுகிறார்' என்னும்போது பிரிநிலைப் பொருள் தோன்றி, பிறரைப் பாராட்டவில்லை என்ற விலக்கமும் சேர்கிறது. கிரேக்க வரிசை மட்டும் இவ்விலக்கத்தைக் கூறுவதில்லை. மூலத்தில் பிறரோடு ஒப்பிடும் குறிப்பு இருந்தாலன்றி ஏகாரம் மிகைமொழிபெயர்ப்பாகும்.

இரண்டாவது, வினையைத் தொழிற்பெயராக்கி முன்வைத்தல்: 'ஆசிரியர் பாராட்டுவது சிறுவனை.' இதில் அழுத்தக்கூறு ஐயமின்றித் தெரிகிறது. ஆனால் ஆசிரியர் யாரையோ பாராட்டுகிறார் என்பதைப் படிப்போர் முன்பே அறிந்திருக்க வேண்டும். அச்செய்தி மூலத்தில் புதிதாயின் இவ்வடிவம் பொருந்தாது.

பேசுபொருளுக்கும் அழுத்தக்கூறுக்கும் இடையே ஐயம் எழும்போது கிரேக்க இடைச்சொற்கள் உதவும். 'மென்', 'தெ' என்னும் இரண்டும் தொடரின் முதற்சொல்லை அடுத்து வந்து இரு கூறுகளை எதிர்நிலைப்படுத்துவன. 'தொன் மென் பைதா' எனத் தொடங்கி, அடுத்த தொடர் வேறொருவரைத் 'தெ' என்னும் சொல்லோடு குறிப்பிட்டால், இருவரும் எதிர்நிலைப் பேசுபொருள்கள் எனக் கொள்ளலாம். அவ்விடத்தில் தமிழிலும் செயப்படுபொருளை முதலில் நிறுத்துவதே தகும். இரண்டாம் தொடரில் 'மகளையோ' என்பதுபோல ஓகாரம் சேர்க்கலாம். தொடரமைப்பு தெளிவாக இல்லாவிடில் அவ்வோகாரம் வினாவாகப் படிக்கப்படும் என்பதை மறத்தலாகாது.

காப்பியத் தொடக்கம்

இலியட்டின் முதற்சொல் 'சினத்தை' என்னும் பொருளுடைய 'மேனின்'; ஒடிசியின் முதற்சொல் 'மனிதனை' என்னும் பொருளுடைய 'அந்த்ரா'. இரண்டும் இரண்டாம் வேற்றுமையில் நின்று காப்பியப் பொருளை அறிவிக்கின்றன. இவை கேட்போர் முன்பே அறிந்த பேசுபொருள்கள் அல்ல. அறிமுகம் செய்யப்படும் பொருள்கள். மேலும் இலியட்டில் சினத்திற்குரிய அடைமொழி அடுத்த அடியின் தொடக்கத்தில் வருகிறது. அதன்பின் சினத்தின் விளைவுகளைக் கூறும் துணைத்தொடர் தொடர்கிறது. தமிழில் பெயரடையும் பெயரெச்சமும் பெயருக்கு முன்னரே வரவேண்டும். அவற்றையெல்லாம் ஒரே தொடரில் அடக்கினால் 'சினம்' நீண்ட எச்சவரிசையின் இறுதிக்குத் தள்ளப்படும். எனவே 'சினம்' என எழுவாய் வடிவில் தனித்து நிறுத்தி, அதனைச் சுட்டுப்பெயரால் மீண்டும் எடுத்து, அடைமொழிச் செய்திகளைத் தனித்தொடர்களாக்குவது நல்லது. வேற்றுமை உருபு மறைகிறது. முதற்சொல்லின் அறிவிப்புத் தன்மை நிலைக்கிறது. இங்கே இழப்பைவிடப் பேறு பெரிது.

முடிவுரை

முன்வைக்கப்பட்ட கிரேக்கச் சொல்லைத் தமிழாக்குபவர், அத்தொடர் எவ்வினாவிற்கு விடையாகிறது என்பதை முதலில் காணவேண்டும். சொல் பேசுபொருளாயின் தமிழிலும் முதலிடம் பெறலாம். அழுத்தக்கூறாயின் வினையை ஒட்டிய இடம் பெறவேண்டும். அதுவும் போதாதபோதே ஏகாரமும் தொழிற்பெயர் அமைப்பும் தேவைப்படும். காப்பியத் தொடக்கம் போன்ற அறிவிப்பாயின் தொடரையே பிரித்தமைக்கலாம். காக்கப்படவேண்டியது சொல்லின் இடமன்று. அவ்விடம் மூலத்தில் செய்த பணியே.