பெட்டியின் மேல் மூன்று நேர்கோடுகள்

4 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள ஓர் அட்டைப் பெட்டி. அதன் கீழ்முனை ஒன்றில் ஓர் எறும்பு நிற்கிறது. அதற்கு முற்றிலும் எதிரான மேல்முனையில் ஒரு சர்க்கரைத் துணுக்கு இருக்கிறது. பெட்டியைத் துளைத்துக்கொண்டு நேராகப் போனால் தூரம் 7.07 செ.மீ.தான். எறும்போ பரப்பின் மேலேயே நடந்தாக வேண்டும். எந்த வழி மிகக் குறுகியது?

விளிம்புகளை மட்டும் பிடித்து நடந்தால் 4 + 3 + 5 = 12 செ.மீ. ஆகும். கொஞ்சம் யோசிக்கிறவர், இருப்பதிலேயே பெரிய முகமான 4 × 5 முகத்தில் மூலைவிட்டமாக ஏறி, மிச்சமுள்ள 3 செ.மீ. விளிம்போடு போகச் சொல்வார். அது 6.40 + 3 = 9.40 செ.மீ. பலரும் இந்த விடையோடு நின்றுவிடுவார்கள். ஆனால் இதைவிடக் குறுகிய வழி இருக்கிறது.

அதைக் காண, பெட்டியின் முன்முகத்தையும் வலமுகத்தையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். முன்முகம் 4 × 5, வலமுகம் 3 × 5. இரண்டும் 5 செ.மீ. உயரமுள்ள ஒரு செங்குத்து விளிம்பில் சேர்கின்றன. மற்ற விளிம்புகளைக் கத்தரித்து, இந்த இரு முகங்களையும் மேசைமேல் விரித்தால் 7 செ.மீ. நீளமும் 5 செ.மீ. உயரமும் உள்ள ஒரே செவ்வகம் கிடைக்கிறது. அதன் ஒரு மூலையில் எறும்பு, எதிர்மூலையில் சர்க்கரை. அட்டையை மடித்தாலும் விரித்தாலும் அது நீள்வதுமில்லை, சுருங்குவதுமில்லை. ஆகவே தட்டையான தாளில் போடும் கோட்டின் நீளமே, மடித்த பிறகு பெட்டியின் மேல் எறும்பு நடக்கும் தூரம். தட்டையான தாளிலோ இரு புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டை மிஞ்சிய குறுக்குவழி கிடையாது. பிதாகரஸ் தேற்றப்படி அதன் நீளம் √(49 + 25) = √74, அதாவது 8.60 செ.மீ.

முந்தைய 9.40 செ.மீ. வழியையும் இதே தாளில் வரைந்து பார்த்தால் அதன் குறை தெரியும். அது நடுவிளிம்பின் உச்சி வரை ஏறி, அங்கே திரும்பிக் கிடையாகப் போகும் ஒடிந்த கோடு. குறுகிய வழி அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. 7 செ.மீ.யில் 4 செ.மீ. கடந்ததும் விளிம்பு வந்துவிடுகிறது. அப்போது எறும்பு 5 × 4/7, அதாவது ஏறக்குறைய 2.86 செ.மீ. உயரத்தில்தான் இருக்கும். மடித்த பெட்டியில் அந்த இடத்தைப் பார்த்தால் பாதை அங்கே ஒடிவதுபோலத் தோன்றும். ஆனால் விளிம்போடு அது உண்டாக்கும் கோணம் இரு பக்கமும் ஒன்றே.

இத்தோடு கணக்கு முடியவில்லை. நாம் விரித்தது 5 செ.மீ. விளிம்பில் சேரும் இரண்டு முகங்களை. 4 செ.மீ. விளிம்பிலோ 3 செ.மீ. விளிம்பிலோ சேரும் முகங்களையும் அப்படியே விரிக்கலாம். அப்போது கிடைக்கும் செவ்வகங்கள் வேறு, மூலைவிட்டங்களும் வேறு:

√((3 + 4)² + 5²) = √74 ≈ 8.60
√((3 + 5)² + 4²) = √80 ≈ 8.94
√((4 + 5)² + 3²) = √90 ≈ 9.49

மூன்றும் நேர்கோடுகளே, ஆனால் நீளம் வெவ்வேறு. எது குறைவு என்பதை ஒவ்வொரு பெட்டிக்கும் இப்படிப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. பெட்டியின் அளவுகள் a, b, c என்றால், (a + b)² + c² என்பதை விரித்தெழுதும்போது a² + b² + c² + 2ab வருகிறது. முதல் மூன்று உறுப்புகள் எல்லா வழிகளுக்கும் பொது. நம் பெட்டியில் அவை சேர்ந்து 50. கடைசி உறுப்பு மட்டும் 24, 30, 40 என்று மாறுகிறது. அந்தப் பெருக்கல் மிகச் சிறியதாக இருக்க, கூட்டப்படும் இரண்டும் சிறிய அளவுகளாக இருக்க வேண்டும். எனவே விதி எளிது: சிறிய இரண்டு அளவுகளைக் கூட்டு, பெரியதைத் தனியே விடு. எறும்பின் வழி எப்போதும் பெட்டியின் மிக நீளமான விளிம்பு ஒன்றைக் குறுக்கே கடக்கும். இடமுகம், பின்முகம் வழியாகவும் இதே 8.60 செ.மீ. கிடைக்கும் என்பதால் சிறந்த வழிகள் இரண்டு.

கணக்கு வேண்டாம், நூலை இழுத்துக் கட்டிப் பார்த்தாலே போதும் என்று தோன்றலாம். இங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. நூலை 9.49 செ.மீ. வழியில் வைத்து இழுத்தாலும் அது விறைப்பாக நின்றுவிடும். பக்கத்தில் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் நீளம் கூடும் என்பதால் அது தானாக 8.60 செ.மீ. வழிக்குத் தாவாது. தன் அக்கம்பக்கத்து வழிகளை விடத் தான் குறுகியது என்பதை மட்டுமே விறைப்பான நூல் சொல்கிறது. பெட்டியின் வேறு புறத்தில் இருக்கும் வழியைப் பற்றி அதற்குத் தெரியாது. ஆகவே எல்லா விரிப்புகளையும் ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். முனையிலிருந்து எதிர்முனைக்கு என்றால் மேலே சொன்ன மூன்றோடு அந்த ஒப்பீடு முடிகிறது.

புள்ளிகள் முனையை விட்டு நகர்ந்தால் போட்டியாளர்கள் பெருகிவிடுவார்கள். இங்கிலாந்தின் புதிர் வல்லுநர் ஹென்றி டூடனி 1903இல் வெளியிட்ட சிலந்திப் புதிர் இதற்குப் பேர்போனது. அறை 30 அடி நீளம், 12 அடி அகலம், 12 அடி உயரம். ஒரு கடைச் சுவரின் நடுவில், கூரைக்கு 1 அடி கீழே சிலந்தி. எதிர்ச்சுவரின் நடுவில், தரைக்கு 1 அடி மேலே ஈ. நேராக ஏறி, கூரையில் ஓடி, இறங்கினால் 1 + 30 + 11 = 42 அடி. மிகக் குறுகிய வழியோ சுவர், கூரை, பக்கச்சுவர், தரை, எதிர்ச்சுவர் என்று அறையின் ஆறு முகங்களில் ஐந்தைத் தொடுகிறது. விரித்த தாளில் நீளவாக்கில் 1 + 30 + 1 = 32, குறுக்குவாக்கில் 6 + 12 + 6 = 24. எனவே √(32² + 24²) = 40 அடி.

இனி இன்னொரு கேள்வி. எறும்பு நிற்கும் முனையிலிருந்து பெட்டியின் மேல் மிகத் தொலைவான இடம் எது? எதிர்முனைதான் என்று சொல்லத் தோன்றும். கனசதுரத்துக்கு அது சரி. ஆனால் 1 × 1 அடித்தளமும் 2 உயரமும் உள்ள பெட்டிக்குச் சரியல்ல என்று ஜப்பானைச் சேர்ந்த யோஷியுகி கோட்டானி காட்டினார்.

நம் விதிப்படி எதிர்முனையின் தூரம் √(2² + 2²) = √8 ≈ 2.828. இப்போது சர்க்கரையை எதிர்முனையிலிருந்து மேல்முகத்துக்குள், இரு விளிம்புகளிலிருந்தும் t அளவு தள்ளி வைப்போம். முன்முகம், வலமுகம் வழியாக ஏறி மேல்முகத்துக்கு வரும் எறும்புக்கு உயரவாக்கில் 2 + t, கிடையாக 2 − t. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 8 + 2t². சர்க்கரை உள்ளே போகப் போக இந்த வழி நீள்கிறது. முன்முகத்திலிருந்து நேரே மேல்முகத்துக்கு ஏறும் இன்னொரு வழிக்கு வர்க்கக் கூட்டல் (3 − t)² + (1 − t)², அதாவது 10 − 8t + 2t². இது தொடக்கத்தில் பெரியது. ஆனால் t கூடக் கூடச் சுருங்குகிறது. இரண்டும் சமமாகும் இடம் t = 1/4. அங்கே தூரம் √8.125 ≈ 2.850.

அதாவது மிகத் தொலைவான புள்ளி, மேல்முக மூலைவிட்டத்தில் எதிர்முனையிலிருந்து கால்பங்கு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு வழி நீண்டுகொண்டும் மற்றொன்று சுருங்கிக்கொண்டும் வந்து சமமாகும் இடம் அது. அதைத் தாண்டினால் இரண்டாம் வழி முந்திக்கொள்வதால் தூரம் மறுபடி குறையத் தொடங்குகிறது.