"இப்ப திறந்திரிக்கா?": ஒரு கேள்விக்கு எவ்வளவு பதில் சொல்லலாம்

கனடாவில் இருக்கும் என் மச்சாளிடமிருந்து ஒரு ஜூலை மாதத் திங்கட்கிழமை காலை 6.10க்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "இப்ப திறந்திரிக்கா?" அவ்வளவுதான். எது, எங்கே, எந்த நாள் என்று எதுவும் இல்லை.

நான் குருக்கள்மடத்தில் இருக்கிறேன். அவளுடைய அம்மா, என் மாமி, வாவிக்கு அக்கரையில் அம்பிளாந்துறையில் இருக்கிறா. எங்கள் இரண்டு ஊருக்கும் இடையில் ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடப்பதை நாங்கள் 'பாதை' என்போம். வெளியூர்க்காரர் அதைத் தெரு என்று விளங்கிக்கொள்வார்கள், ஆனால் அது மிதந்து செல்லும் படகுப் பாதை. ஆகவே "திறந்திரிக்கா" என்றதும் என் மனம் பாதையைத்தான் நினைத்தது. முதல்நாள் மாலை அது ஓடியதைக் கண்டிருந்தேன். "ஓம்" என்று பதில் அனுப்பினேன்.

மச்சாள் கேட்டது பாதையை அல்ல. மாமி பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கவேண்டிய அலுவலகத்தை. அன்று பூரணை தினம், அரச அலுவலகங்களுக்கு விடுமுறை. என் ஒரு சொல்லை நம்பி மாமி பாதையில் வந்து, பஸ் ஏறிப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினா. பிழை என்னுடையது. அந்தக் கேள்வியில் எத்தனை இடைவெளி இருந்தது என்பதை அதற்குப் பிறகுதான் யோசித்துப் பார்த்தேன்.

முதலாவது, 'இப்ப'. மச்சாள் அதை அனுப்பும்போது டொரொன்டோவில் ஞாயிறு இரவு 8.40. கோடைகாலத்தில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம், குளிர்காலத்தில் பத்தரை. லண்டனுக்குக் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. மணிக்கூட்டை மாற்றுவது அவர்கள்தான், நாங்கள் மாற்றுவதில்லை. ஐரோப்பாவும் கனடாவும் ஒரே நாளில் மாற்றுவதுமில்லை. ஐரோப்பாவில் மார்ச், ஒக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. டொரொன்டோவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். ஆகவே அவள் "நாளைக்கு" என்று எழுதினால் அது என்னுடைய 'இண்டைக்கு' ஆகிவிடும். விடுமுறை நாள் குறுக்கே வந்தால் அந்த ஒரு நாள் பிசகே போதும்.

இது கைத்தொலைபேசிக் காலத்தில் வந்த சிக்கல் என்று இளம் ஆட்கள் நினைக்கலாம். எங்கள் வாவிக்கரையில் ஒரே நாளில், ஒரே கண் பார்வைத் தூரத்தில், இரண்டு நேரம் இருந்த காலம் ஒன்று உண்டு. 1996இல் வரட்சியால் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, மே மாதத்தில் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே கொண்டுவந்தது. விடுதலைப் புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பும்வரை, ஏறத்தாழ பத்து ஆண்டுகள், நாட்டுக்குள் இரண்டு நேரம். எழுவான்கரை இராணுவத்தின் கையிலும் படுவான்கரை 2007 வரை பெரும்பாலும் புலிகளின் கையிலும் இருந்ததை எங்கள் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதன் விளைவை ஒரு கணக்கில் பாருங்கள். எழுவான்கரைச் சோதனைச்சாவடி மாலை 5 மணிக்குப் பூட்டும் என்று வைத்துக்கொள்வோம். அது புது நேரம். படுவான்கரையிலிருந்து வருபவரின் கையில் பழைய நேரம். அவரது மணிக்கூடு 4.45 காட்டும்போது இன்னும் கால் மணித்தியாலம் இருக்கிறது என்று நடப்பார். சாவடியின் மணிக்கூட்டில் அப்போது 5.15. "ஐந்து மணிவரை திறந்திருக்கும்" என்று அவருக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. எந்த நேரத்தில் ஐந்து என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். பூட்டிய சாவடிக்கு முன்னால் நிற்பது அந்த நாட்களில் வெறும் அலைச்சல் அல்ல என்பதை நீங்கள் அறிவீர்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்காக வாக்குமூலம் கொடுப்பவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரையான காலத்தில் நடந்த ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது, "காலை 8 மணி" என்பதோடு புது நேரமா பழைய நேரமா என்றும், நினைவிருந்தால், சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு உண்மையான சாட்சியங்கள் இந்த நேர வித்தியாசத்தால் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தெரியும்.

இரண்டாவது, 'திறந்திரிக்கா' என்பது யாருக்கு என்ற கேள்வி. 1990 ஜூலையில் இதே மட்டக்களப்பு–கல்முனை வீதியால் வந்த முஸ்லிம் பயணிகளை விடுதலைப் புலிகள் எங்கள் ஊரில் மறித்துக் கடத்திச் சென்று கொன்றார்கள். அவர்களின் குடும்பங்கள் இன்றும் அந்த உடல்களைத் தோண்டி எடுத்துத் தரும்படி கேட்கின்றன. அன்று "றோட்டு திறந்திரிக்கு" என்று யாராவது சொல்லியிருந்தால், அது சிலருக்கு மட்டுமே உண்மை. வீதி திறந்திருப்பதும் ஒருவர் அதால் போய்ச் சேரக்கூடியதாக இருப்பதும் ஒன்றல்ல. பிறகு வந்த ஆண்டுகளில் அடையாள அட்டை இல்லாத தமிழ் இளைஞனுக்குச் சாவடி திறந்திருந்தும் திறந்திருக்கவில்லை.

இனி, எதை நேர்மையாகச் சொல்லலாம்? தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு 'இப்ப' என்ற சொல்லால் பதில் சொல்லவே முடியாது. நான் கண்டது எப்போதும் கொஞ்சம் பழையது. போர்க்காலத்தில் அக்கரையிலிருந்து வந்த பெரியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். பாதை ஓடுதா என்று கேட்டால், "நான் வெளிக்கிடக்குள்ள ஓடினது" என்பார்கள். ஓடுது என்று சொல்லமாட்டார்கள். அந்த ஒரு சொல்லில் யார் கண்டது, எப்போது கண்டது என்ற இரண்டும் இருந்தன.

அட்டவணையும் கண்டதும் வேறு வேறு. பாதை வழமையாக ஓடும் என்பது அட்டவணை. மாரியில் வாவி பெருகிக் காற்று அடித்தால், அல்லது இயந்திரம் பழுதானால், அது ஓடாது. அப்போது அக்கரையில் இருப்பவர்கள் 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தாலோ பட்டிருப்புப் பாலத்தாலோ சுற்றித்தான் வரவேண்டும். "வழமையாகத் திறக்கும், இன்று நான் பார்க்கவில்லை" என்பது முழுமையான பதில்தான். அது கேட்பவரை இன்னொருவரிடம் விசாரிக்க வைக்கும். "ஓம்" என்பது விசாரிப்பதை நிறுத்திவிடும்.

இப்போது மச்சாள் அப்படிக் கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எது? எந்த நாளைக்கு?" பிறகு எழுதுவது இப்படி: "குருக்கள்மடம் துறை. செவ்வாய், இலங்கை நேரம் காலை 7.30க்கு நான் கண்டது. பாதை ஓடுது. அலுவலகத்தைப் பற்றித் தெரியாது, எட்டரைக்குப் பிறகு கோல் எடுத்துக் கேட்டுச் சொல்றன்." போன மாதம் அவள் அதற்குப் பதில் எழுதியிருந்தாள்: "சரி, அதுவரைக்கும் அம்மாவை வெளிக்கிட வேண்டாம் எண்டு சொல்றன்."